டேங்க் கழுவியதும் குழாய்கள் மக்கர் செய்வது ஏன்? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவலாம்?

கேள்வி: மொட்டைமாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், போர் தண்ணி. ஒரு வருஷம் கழித்துப் போன வாரம்தான் ஆள் வைத்துக் கழுவினோம். இரண்டே நாளில் பாத்ரூமில் சுடுதண்ணி நூல் மாதிரி வருகிறது. அதே குழாயில் பச்சைத்தண்ணி நன்றாக வருகிறது. சமையலறைக் குழாய் மூடினாலும் சொட்டுகிறது. ஃப்ளஷ் டேங்கில் தண்ணி நிற்காமல் ஓடுகிறது. கழுவினதால் இப்படி ஆகுமா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவணும்?

பதில்:

ஆகும். கழுவும்போது கலங்கிய வண்டல் வெளியே போகாமல் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. உங்கள் மூன்று தொல்லையும் அந்த ஒன்றிலிருந்து வந்தவை என்றே தோன்றுகிறது. மூன்றையும் பெரிய செலவில்லாமல் சரிசெய்யலாம். கீசரைக் கழற்றி மாற்றச் சொல்லி யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் டேங்கின் அடியைப் பற்றிச் சொல்கிறேன். தண்ணீர் வெளியேறும் குழாய் டேங்கின் தரையோடு தரையாக இருப்பதில்லை. சுவரில் நாலைந்து செ.மீ. மேலே துளை போட்டு நிப்பிள் வைப்பார்கள். அந்த உதட்டுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் குழாய்க்கு வராது, வண்டல் தங்குவதற்கான இடம் அது. 1000 லிட்டர் டேங்கின் விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அதனால் ஒரு செ.மீ. உயரத்துக்கு ஒன்பது, பத்து லிட்டர் கணக்கு வரும். ஒரு வருஷத்தில் மூன்றரை செ.மீ. படிந்திருந்தால், இரண்டு பக்கெட் நிறைய சேறு உள்ளே உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம்.

அதைத் தொடாமல் விட்டிருந்தால் இன்னும் சில மாதம் அப்படியே கிடந்திருக்கும். கழுவ வருபவர் என்ன செய்கிறார்? பெரும்பாலான டேங்குகளில் அழுக்குத் தண்ணீரை வெளியே விடத் தனி வழி இருப்பதில்லை. அதனால் உள்ளே பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, "கீழே எல்லாக் குழாயையும் திறந்து விடுங்க சார்" என்பார். அந்த இரண்டு பக்கெட் சேறும் வீட்டுக் குழாய் வழியாகத்தான் வடிகிறது. பெரிய குழாயில் ஓடிவிடும். ஆனால் எங்கே வழி குறுகுகிறதோ அங்கே பிடித்துக்கொள்ளும். குழாய் நுனியில் இருக்கும் சல்லடை, வால்வின் ரப்பர், கீசரின் நுழைவாய் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்.

எது வந்து அடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. சமையலறைக் குழாயின் நுனியில் திருகி வைத்திருக்கும் சல்லடையைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். விரலில் நறநறவென்று உரசினால் மணல் அல்லது பாறைப் பொடி, போர் மோட்டார் இழுத்து வந்தது. செம்பழுப்பாக, தேய்த்தால் சாந்து மாதிரி இழுபட்டால் இரும்பு. வெள்ளைச் சில்லுகளாக இருந்து, அதன்மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டதும் பொங்கினால் சுண்ணாம்பு. கருப்பாக, நசுக்கினால் மை போல ஒட்டினால் அது பெரும்பாலும் டேங்க்கிலிருந்து வந்ததாக இருக்காது, ஏதோ ஒரு பழைய ரப்பர் வாஷரோ இணைப்புக் குழாயின் உள்பக்கமோ கரைந்து வருகிறது. அதற்கு டேங்க்கை எத்தனை தடவை கழுவினாலும் பயனில்லை.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் ஏமாற்றும். போரிலிருந்து வரும்போது அது தண்ணீரில் கரைந்திருக்கும். பார்க்கத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். டேங்கில் காற்றுப் பட்டதும் துருவாகத் திரண்டு, பஞ்சு போல மெதுவாகக் கீழே இறங்கும். மோட்டாரிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூடாமல் ராத்திரி முழுக்க வையுங்கள். மணல் என்றால் ஓரிரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். இரும்பு என்றால் காலையில் தண்ணீர் மஞ்சளித்து அடியில் செம்படலம் தெரியும். மணல் கனமானது, அதைக் கலக்குவது கஷ்டம். இரும்புச் சேறு லேசானது, மோட்டார் போட்டதும் விழும் தண்ணீரின் வேகத்துக்கே எழும்பிவிடும். கழுவும் இடைவெளியைத் தீர்மானிப்பதும் இந்த வித்தியாசம்தான்.

சரி, உங்கள் சுடுதண்ணிக்கு வருவோம். ஒரே குழாயில் பச்சைத்தண்ணி நன்றாக வருகிறது என்றால் குழாய் நுனிச் சல்லடையில் பிரச்சினை இல்லை, இரண்டும் அதன் வழியாகத்தானே வெளியே வருகின்றன. அப்படியானால் கோளாறு கீசருக்குப் போகும் கிளையிலோ, கீசரிலோ, அங்கிருந்து திரும்பி வரும் வழியிலோ இருக்கிறது. அடுத்த குறிப்பு, இரண்டு நாளில் ஏற்பட்டது. கீசருக்குள் சுண்ணாம்பு படிந்து வழி சுருங்குவது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நடக்கும். திடீரென்று வந்தால் ஏதோ துகள் சிக்கியிருக்கிறது என்றுதான் பொருள். சிக்குவதற்கு மிகவும் வாய்ப்புள்ள இடம் கீசரின் கீழே பச்சைத்தண்ணி நுழையும் இடத்தில் இருக்கும் சேஃப்டி வால்வு. பெரும்பாலான சேமிப்பு கீசர்களில், தண்ணீரை உள்ளே மட்டும் விட்டுத் திரும்ப விடாத என்ஆர்வியும் அதற்குள்ளேயே இருக்கும். ஒரு சின்ன ஸ்பிரிங், அதன் முன்னால் ஒரு தட்டு, தட்டைச் சுற்றி மிகச் சிறிய இடைவெளி. சேறு போய் உட்கார இதைவிட வசதியான இடம் கிடையாது.

நம் வீடுகளில் இது சட்டென்று தெரிவதற்குக் காரணம் அழுத்தம் குறைவு. டேங்க் தண்ணீர் தன் எடையால்தான் இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். டேங்குக்கு மூன்று மீட்டர் கீழே இருக்கும் மேல்மாடி பாத்ரூமுக்கு 0.3 பார்தான். அவ்வளவு குறைந்த தள்ளலில், பாதி அடைந்த வால்வை ஸ்பிரிங் கிட்டத்தட்ட மூடியே வைத்துவிடும். அதே அடைப்பு தரைத்தளத்தில் இருந்தால் நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள்.

சோதிப்பதற்கு முன் கீசரின் எம்சிபியை அணைத்துவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறட்டும். பிறகு சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடி, அங்கிருந்து கீசருக்குப் போகும் பின்னல் குழாயைக் கீசர் பக்கம் கழற்றி ஒரு பக்கெட்டுக்குள் விட்டு, வால்வைத் திறந்து பாருங்கள். கழற்றும்போது கீசரிலிருந்து தண்ணீர் கொட்டினால் பயப்பட வேண்டாம், என்ஆர்வி சரியாக மூடவில்லை என்று அது உங்களுக்கே சொல்லிவிடுகிறது. பக்கெட்டில் தண்ணீர் வேகமாக விழுந்தால் ஆங்கிள் வால்வும் குழாயும் நன்றாக இருக்கின்றன, அடைப்பு பெரும்பாலும் சேஃப்டி வால்வில். பக்கெட்டிலேயே நூலாக வந்தால் ஆங்கிள் வால்வைக் கழற்றிக் கழுவ வேண்டும், பின்னல் குழாயின் வாஷரில் சல்லடை இருந்தால் அதையும் பாருங்கள். சேஃப்டி வால்வைக் கழற்றி, தண்ணீரில் அலசி, தட்டை ஒரு குச்சியால் மெதுவாக அழுத்தி விட்டால் மணல் உதிர்ந்துவிடும். சுண்ணாம்பு பிடித்து ஸ்பிரிங் இறுகியிருந்தால் வால்வையே மாற்றுவது நல்லது. அது அழுத்தம் மிஞ்சும்போது கீசர் வெடிக்காமல் காக்கும் பாகம், அதில் சிக்கனம் வேண்டாம். அதற்காக அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக இணைத்து விடுகிறேன் என்று பிளம்பர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மாட்டி முடித்ததும், சுடுதண்ணிக் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வரும்வரை ஓட விட்ட பிறகே மின்சாரம். காலிக் கீசரில் ஸ்விட்ச் போட்டால் காயில் அப்போதே போய்விடும்.

என்ஆர்வி மூடாமல் நின்றுவிட்டால் சுடுதண்ணி பச்சைத்தண்ணி வழிக்குத் திரும்பும். பச்சைத்தண்ணிக் குழாயைத் திறந்ததும் முதலில் வெதுவெதுப்பாக வரும். இதைச் சோதிப்பதென்றால் விடியற்காலையில் சோதியுங்கள். சித்திரை வெயிலில் பகல் ஒரு மணிக்கு நம் ஊரில் எல்லாக் குழாயிலும் சுடுதண்ணிதான்.

இன்னொன்று. கீசருக்குள் புகுந்த வண்டல் தானாக வெளியே வராது. சுவரில் செங்குத்தாக மாட்டும் சேமிப்பு கீசரில் சுடுதண்ணி மேல்மட்டத்திலிருந்து எடுக்கப்படுகிறது, சேறு அடியில் காயிலைச் சுற்றித் தங்குகிறது. அதோடு சுண்ணாம்பும் சேர்ந்து இறுகினால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் அங்கேயே தேங்கும். சூடாகும்போது பொரிவது போலச் சடசட சத்தம் கேட்டால் அதுதான். பிறகு ஒருநாள் காயில் எரிந்துபோகும். அதனால் இப்போது சேஃப்டி வால்வைக் கழற்றும்போதே, சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வைத்து உள்ளே காற்று போக வழிவிட்டு, நுழைவாய் வழியாகக் கீசரை ஒருமுறை முழுக்க வடித்துவிடச் சொல்லுங்கள்.

சமையலறைக் குழாய் சொட்டுவதற்குக் காரணம் குழாயின் வகையைப் பொறுத்தது. கால் சுற்றில் திறக்கும் குழாய் என்றால் உள்ளே இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால் கோடு விழுந்துவிடும். அந்தக் கார்ட்ரிட்ஜைக் கழற்றி அலசிப் பாருங்கள், சில சமயம் துகள் போனதும் சரியாகிவிடும். கோடு விழுந்திருந்தால் கார்ட்ரிட்ஜ் மட்டும் மாற்றினால் போதும், குழாயை மாற்ற வேண்டாம். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள், தலையில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல சுற்று சுற்றி மூடும் பழைய குழாய் என்றால் ரப்பர் வாஷரில் மணல் பதிந்திருக்கும். சொட்டுகிறதே என்று பலம் கொண்டு இறுக்குவது மணலைப் பித்தளை இருக்கையில் அழுத்தித் தடம் பதிக்கும். அப்புறம் புது வாஷர் போட்டாலும் சொட்டும்.

ஃப்ளஷ் டேங்கில் இப்போது வருபவை பெரும்பாலும் சின்ன மிதவையும் உள்ளே மெல்லிய ரப்பர் சவ்வும் கொண்ட வால்வுகள். சவ்வில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதன் வழியாகச் சவ்வின் பின்னால் தண்ணீர் புகுந்து தரும் அழுத்தம்தான் வால்வை மூட வைக்கிறது. அந்தத் துளை அடைத்துக்கொண்டால் மிதவை மேலே ஏறிவிட்டாலும் தண்ணீர் நிற்காது. மிதவையைச் சரிசெய்து சரிசெய்து அலுத்துப்போவார்கள், கோளாறு மிதவையில் இருக்காது. ஆங்கிள் வால்வை மூடி, வால்வின் மூடியைத் திருகித் திறந்து, சவ்வை எடுத்துக் கழுவி, துளையை மெல்லிய நைலான் இழையால் சுத்தம் செய்து போடுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி வால்வு வேறு விதமாகக் கெடும்.

கீழே சம்ப்பில் பஞ்சாயத்துத் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ வரும் இடத்தில் நீளக் கம்பியும் பந்தும் வைத்த பித்தளை பால் வால்வு இருந்தால் அதற்குச் சோதனை இன்னும் எளிது. சம்ப் நிறைந்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் கம்பியைக் கையால் மேல்நோக்கித் தூக்கிப் பிடியுங்கள். நின்றுவிட்டால் பந்துக்குள் தண்ணீர் புகுந்து கனத்துவிட்டது, அல்லது கம்பி வளைந்திருக்கிறது. தூக்கியும் ஒழுகினால் வாஷரில் துகள். கம்பியே சுலபமாக அசையவில்லை என்றால் ஆணியில் சுண்ணாம்பு இறுகியிருக்கிறது.

இனி, அடுத்த தடவை கழுவும் விதம். முதல் நாளே மோட்டாரை நிறுத்தி, டேங்க் தண்ணீரைப் புழங்கித் தீருங்கள். வெளிக்குழாய்க்கு ஒரு சாண் மேலே தண்ணீர் நிற்கும்போது டேங்க் அடியில் இருக்கும் வால்வை மூடிவிடுங்கள். பழைய கேட் வால்வு என்றால் முழுக்க மூடாது, அதன் பள்ளத்திலும் மணல் இருக்கும். அதனால் உள்ளே இருந்து நிப்பிள் வாயைத் துணி சுற்றிய கட்டையால் அடைக்கச் சொல்லுங்கள். சேறு முழுவதும் மேல் வாய் வழியாகவே வெளியேற வேண்டும். ஒரு டியூபைப் போட்டு உறிஞ்சி மாடி வடிகாலுக்கு விட்டால் பெரும்பகுதி போய்விடும், மிச்சத்தை மக்காலும் ஸ்பாஞ்சாலும் அள்ளலாம். நைலான் பிரஷ் போதும், கம்பி பிரஷ் பிளாஸ்டிக்கில் கீறல் போடும், அந்தக் கீறலில் பாசி முதலில் பிடிக்கும். டேங்க்கைச் சாய்த்துக் கொட்டலாம் என்று நினைக்காதீர்கள், நிப்பிள் விரிசல் விடும். ஆசிட் வேண்டவே வேண்டாம்.

கிருமிநீக்கத்துக்கு டேங்க் முழுக்க பிளீச்சிங் பவுடர் கலந்து 1000 லிட்டரைக் கொட்டுவது ஒரு முறை. தண்ணீர்ப் பஞ்ச ஊரில் அதை நான் சொல்ல மாட்டேன். பத்து லிட்டர் பக்கெட்டில் இரண்டு மூன்று டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர், அதாவது எட்டுப் பத்து கிராம், கலக்கி அரை மணி நேரம் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்துச் சுவர் முழுக்கப் பூசி, அரை மணி நேரம் ஈரமாகவே வைத்திருந்து, இரண்டு முறை அலசி அள்ளிவிடுங்கள். அடியில் நிற்கும் வெள்ளைக் கசடு சுண்ணாம்பு. அதையும் சேர்த்து ஊற்றினால் நீங்களே புது வண்டல் போட்ட மாதிரி. இதோடு ஆசிட், பினாயில் எதையும் கலக்கக் கூடாது. ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், டேங்குக்குள் தலையை விட்டிருப்பவருக்கு ஆபத்து.

அப்புறம் குழாய்களைத் திறக்கும் வரிசை. கீசர் ஆங்கிள் வால்வுகளையும் ஃப்ளஷ் டேங்க் வால்வுகளையும் மூடி வையுங்கள், வாஷிங் மெஷின் குழாயையும்தான். குழாய் நுனிச் சல்லடைகளைக் கழற்றி விடுங்கள். டேங்க் பாதி நிறைந்ததும் முதலில் தரைத்தளத்தில், மெயின் லைன் முடியும் இடத்தில் இருக்கும் குழாயை முழுக்கத் திறந்து தண்ணீர் தெளியும்வரை விடுங்கள், தோட்டக் குழாய் இருந்தால் மிகவும் நல்லது. பிறகுதான் மற்றவை. கீசர் கிளை கடைசி, அதையும் பின்னல் குழாயைக் கழற்றிப் பக்கெட்டில் ஓட விட்ட பிறகே இணைக்க வேண்டும்.

எத்தனை மாதம் என்பதை உங்கள் டேங்க்கே சொல்லட்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபில் ஒன்றரை மீட்டர் வாங்கி ஒரு குச்சியில் கட்டுங்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன், டியூபின் மேல் நுனியைத் திறந்து வைத்து, மெதுவாக அடி தொடும்வரை இறக்கி, மேல் நுனியைக் கட்டைவிரலால் மூடித் தூக்கினால், அடியில் இருந்த சேறு அதே உயரத்தில் டியூபுக்குள் நிற்கும். ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். வெறும் மணல் என்றால் நழுவிவிடும், அதற்கு டார்ச் அடித்துக் குச்சியால்தான் பார்க்க வேண்டும். கழுவிய ஒரு மாதத்தில் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெளிக்குழாயின் உதடு 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இரும்புச் சேறு என்றால் அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடக் கூடாது என்பது என் கணக்கு. 16 மி.மீ., அதாவது ஐந்து மாதம். மணல் என்றால் பாதிவரை போகலாம், 25 மி.மீ., எட்டு மாதம் வருகிறது. ஆனாலும் சுவரில் வழவழப்பு பிடிப்பதால் ஆறு மாதத்தைத் தாண்ட வேண்டாம். 3 மி.மீ. வேகத்தில் ஒரு வருஷம் விட்டால் 36 மி.மீ., உதட்டுக்கு மிக அருகில். அந்த நிலையில் தொட்டதால்தான் உங்களுக்கு இவ்வளவு தொல்லை.

ஆறு மாதம் என்றால் ஆடியில் ஒன்று, மார்கழிக் கடைசியில் ஒன்று நன்றாகப் பொருந்தும். கோடையில் நிலத்தடி நீர் இறங்கும்போது மோட்டார் மணலையும் கலங்கலையும் அதிகம் இழுக்கும், அது முடிந்ததும் ஆடி. வடகிழக்கு மழைக் கலங்கல் அடங்கியதும் போகிக்கு வீடு ஒழிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம். லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளுக்கு மூன்று மாதமே அதிகம். கோயம்புத்தூர் வீடுகளில் போல நல்ல தண்ணிக்கும் உப்புத்தண்ணிக்கும் தனித்தனி டேங்க் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள், ஒரே நாளில் கழுவ வேண்டும் என்று எதுவும் இல்லை. சம்ப் இருக்கிறதென்றால் முதலில் அதைக் கழுவிவிட்டுத்தான் மாடிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அங்கே இருப்பது அடுத்த மோட்டாரிலேயே மேலே வந்துவிடும். சம்ப்புக்குள் ஆள் இறங்குவதானால் மூடியை வெகுநேரம் திறந்து காற்றோட்டம் விட்டு, மேலே ஒருவர் நின்றால்தான் இறங்கச் சொல்லுங்கள்.

ஃபில்டர் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். டேங்க்கிலிருந்து இறங்கும் லைனில் சல்லடை ஃபில்டர் போடுவதை நான் விரும்புவதில்லை. அங்கே இருக்கும் 0.3 பாரில் பாதியை அதுவே தின்றுவிடும், கழுவ மறந்தால் ஷவரே வராது. மோட்டாரிலிருந்து மேலே ஏறும் லைனில் மணல் பிரிப்பான் போடுங்கள், அங்கே அழுத்தம் தாராளமாக இருக்கிறது. கரைந்து வரும் இரும்பை அது பிடிக்காது, அதற்குத் தனி இரும்பு நீக்கும் ஃபில்டர் வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் இரண்டு சின்ன வேலை. மோட்டார் தண்ணீர் டேங்கின் தரையில் நேராகப் பாயாமல் சுவரில் வழியும்படி உள்ளே ஒரு எல்போ, டேங்கின் அடியோடு அடியாக ஒரு வாஷ் அவுட் வால்வு. பிளம்பருக்கு அரை நாள் வேலை. வாஷ் அவுட் வந்துவிட்டால் மாதம் ஒருமுறை காலையில் மோட்டார் போடுமுன் ஒரு நிமிடம் திறந்து விடலாம். அதன் வாயைச் சுற்றியிருக்கும் இரும்புச் சேறு கொஞ்சம் போய்விடும், கழுவும் நாளில் அழுக்குத் தண்ணீர் வீட்டு லைன் பக்கம் போகவே போகாது.

உங்களிடம் தானியங்கி மோட்டார் கன்ட்ரோலர் இருந்தால், கழுவும் அன்று டேங்குக்குள் தொங்கும் சென்சார் கம்பிகளையும் துடைத்துவிடுங்கள். இரும்பும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டால் டேங்க் நிறைந்ததை அது உணராது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.